பிப்ரவரி 2025: பெருமாள்மலைக் காலண்டர்

மாமா, நீங்கள் காலையில் அனுப்பிய படமும், "பொடி எழுத்தைக் கவனமாகப் படித்துத் தேதிகளை வரிசையாக எழுதி அனுப்பு, கண்ணாடி போட்டும் எனக்குப் பிடிபடவில்லை" என்ற செய்தியும் வந்தன. கடைச் சுவரில் மாட்டியபடியே எடுத்திருக்கிறீர்கள். அதனால் வலது ஓரத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு ஒரு பட்டையாக வெளுத்திருக்கிறது. அந்த இடம் சனிக்கிழமை வரிசை. மற்றவை பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகின்றன.

முதலில் பக்கத்தின் அமைப்பு. 1ஆம் தேதி சனிக்கிழமை. அதனால் முதல் வரியில் அது ஒன்று மட்டும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. 28ஆம் தேதி வெள்ளியோடு மாதம் முடிகிறது. கட்டத்தின் கீழ் மூலையில் எறும்பு போல இருப்பது தமிழ்த் தேதி. 1ஆம் தேதிக்குத் தை 19, 12ஆம் தேதிக்குத் தை 30, 13 வியாழன் மாசி 1. மங்கலாக இருந்த கட்டங்களை இதைக் கொண்டு எண்ணிச் சரிபார்த்தேன். 8ஆம் தேதியின் மூலையில் 26 இருக்கிறதா 28 இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. எண்ணிப் பார்த்தால் தை 26தான் வருகிறது.

இனித் தேதிகள்:

2 ஞாயிறு, வசந்த பஞ்சமி.
3 திங்கள், சஷ்டி.
4 செவ்வாய், ரத சப்தமி.
5 புதன், பழனி தைப்பூசக் கொடியேற்றம். இது மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது.
6 வியாழன், தைக் கிருத்திகை. ஒரு சிறிய வேல் படம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கறை என்று நினைத்தது அதைத்தான்.
8 சனி, ஏகாதசி. வெளுத்த பட்டையில் இருக்கிறது. "ஏகா" வரை தெரிகிறது.
11 செவ்வாய், தைப்பூசம். சிவப்பு எண், அரசு விடுமுறை. அதே கட்டத்தில் சிலுவைக் குறியோடு லூர்து மாதா திருநாளும் இருக்கிறது.
12 புதன், பௌர்ணமி. வெறும் வட்டம்.
16 ஞாயிறு, சங்கடஹர சதுர்த்தி.
24 திங்கள், ஏகாதசி.
25 செவ்வாய், பிரதோஷம்.
26 புதன், மகா சிவராத்திரி.
27 வியாழன், அமாவாசை. கறுப்பு வட்டம்.

"பௌர்ணமியும் பூசமும் வேறு வேறு நாளில் இருக்கின்றனவே, அச்சுப் பிழையா" என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை மாமா. பூசம் நட்சத்திரம், பௌர்ணமி திதி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஆனால் ஒரே நாளில் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இம்முறை பௌர்ணமித் திதி 11ஆம் தேதி மாலையில்தான் தொடங்குகிறது, 12 மாலை வரை இருக்கிறது. கிரிவலம் போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்வார்கள். தேர் பார்க்க வேண்டுமென்றால் 11.

சின்னவனுக்குப் பழனியில் மொட்டையும் காது குத்தும் என்றீர்கள். 5ஆம் தேதி கொடியேற்றினால் 14 வரை பத்து நாள் விழா. அந்த நாள்களில் பாதயாத்திரைக் கூட்டம் சாலை முழுக்க இருக்கும். நம் மலைச் சாலையில் வேனை இறக்கிவிடலாம், அடிவாரத்தில் நிறுத்த இடம் கிடைக்காது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது அத்தைக்கு முடியாது, அவரே சொல்லுவார். என்னைக் கேட்டால் 17 முதல் 21 வரை ஏதாவது ஒரு வேலை நாள். ஞாயிறு வேண்டாம்.

ஆனால் முகூர்த்த நாள்களை நான் எழுதவில்லை. பக்கத்தின் கீழே "முகூர்த்தம்" என்று ஒரு பெட்டி தொடங்குகிறது. உங்கள் கட்டைவிரல் அதன் மேல் இருக்கிறது. ஒரு 1ம் ஒரு 7ம் மட்டும் தெரிகின்றன, நடுவில் என்ன இருக்கிறது என்று ஊகித்து எழுத மாட்டேன். காலண்டரை ஆணியிலிருந்து இறக்கி, மேசையில் வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, கீழ்ப் பாதியை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ராகு காலப் பட்டியலும் அங்கேதான் இருக்கும், ஆனால் அது உங்களுக்கு மனப்பாடம்.

இன்னொன்று. சாம்பல் புதன் எப்போது என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதாகச் சொன்னீர்கள். அது இந்தப் பக்கத்தில் இல்லை, மார்ச் 5.

படம் வந்ததும் இன்று இரவுக்குள் பார்த்துச் சொல்கிறேன். வேன்காரரிடம் அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.