தையல் இயந்திரம் 1946இல் வந்திருந்தால்

நம் உலகில் எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நான் கற்பனை செய்யும் உலகில் அது சரியாக நூறு ஆண்டு தாமதம். ரயில், தந்தி, மின்விளக்கு, விமானம் எல்லாம் நேரத்துக்கு வந்துவிடுகின்றன. நூற்பாலையும் விசைத்தறியும் ஏற்கெனவே ஓடுகின்றன. துணி மலைபோல் குவிகிறது. அதைத் தைக்க மனிதக் கை மட்டும்தான்.

தாமதம் எப்படி வந்தது? கையால் தைக்கும்போது ஊசி முழுவதும் துணியைக் கடந்து மறுபக்கம் போய்த் திரும்ப வேண்டும். இயந்திரத்துக்கு அது ஒத்துவராது. ஊசியின் காதை முனைக்குக் கொண்டுவந்து, கீழே தறியில் ஓடுவது போன்ற ஓர் ஓடம் இரண்டாவது நூலைக் கோத்தால்தான் தையல் பூட்டிக்கொள்ளும். நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் 1830களிலேயே இதைச் செய்தார்; ஆனால் அப்போது காப்புரிமை கேட்கவில்லை. தையல் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்று தயங்கினார் என்பார்கள். பாரிஸில் தீமோனியே என்ற தையல்காரர் 80 தையல் இயந்திரங்களை வைத்து ராணுவச் சீருடை தைத்தார். 1831இல் தையல்காரர்கள் புகுந்து அவற்றை உடைத்தார்கள். என் உலகில் ஹன்ட்டின் தயக்கமும் பாரிஸின் கோபமும் வெல்கின்றன. தையல்காரர் சங்கங்கள் நாடு நாடாகத் தடைச்சட்டம் வாங்குகின்றன. முனையில் காது என்ற எண்ணம் ஹன்ட்டோடு புதைந்துபோகிறது. கதையில் பலவீனமான கண்ணி இதுதான். இதை ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க ஏறக்குறைய 14 மணி நேரம் ஆனது. இயந்திரம் அதை ஒன்றேகால் மணி நேரமாகச் சுருக்கியது. சுருங்காத உலகில், 1930இல் லண்டன் வங்கி எழுத்தர் ஒருவரிடம் மொத்தம் மூன்று சட்டைகள். காலரும் கைப்பட்டையும் கழற்றித் துவைக்கும் வகை; நைந்தால் அவற்றை மட்டும் மாற்றுவார். அப்பாவின் கோட்டைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மகனுக்குத் தைப்பார்கள். விமானத்தில் பறப்பவரின் முழங்கையிலும் ஒட்டுப்போட்டிருக்கும்.

அறிவு சும்மா இருக்காது. தைக்க முடியாவிட்டால் பின்னலாமே! காலுறை பின்னும் இயந்திரத்தை வில்லியம் லீ 1589இலேயே செய்துவிட்டார். அந்தக் கிளைதான் என் உலகில் தழைக்கிறது. 1900 வாக்கில் கை, கழுத்து எல்லாம் சேர்த்து ஒரே துண்டாகப் பின்னிய மேலாடை தொழிலாளியின் உடையாகிறது. தைத்த சட்டை என்றால் பணக்காரர். சாலையில் பார்த்ததுமே ஆளின் வசதி தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கம், வெட்டாத துணிக்கு வாழ்வு. சேலையும் வேட்டியும் நம் ஊரில் விசேஷ நாளுக்கு ஒதுங்கவில்லை. அலுவலகம், பள்ளிக்கூடம் எங்கும் அவைதான். தீபாவளிக்கு முந்தின இரவு டெய்லர் கடை வாசலில் காத்துக்கிடக்கும் காட்சியே கிடையாது. நம் உலகில் இயந்திரங்களை அவ்வளவு சந்தேகித்த காந்தி தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்குத் தந்தார், அது மனிதரின் சுமையைக் குறைக்கிறது என்று. என் உலகில் அவருக்குக் காட்ட அந்த உதாரணம் இல்லை.

நியூயார்க்கில் 1911இல் டிரையாங்கிள் என்ற ஆடை தைக்கும் ஆலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். என் உலகில் அந்த மாடிகளில் இயந்திர வரிசைகள் இல்லை. அவர்களைக் காப்பாற்றிவிட்டதாக எழுத மனம் துடிக்கிறது. ஆனால் அதே பெண்கள் இருட்டறைகளில் விளக்கடியில் குனிந்து, முப்பது வயதில் கண்பார்வை மங்கிப்போகிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் ஒரு வரிகூட வராது. எனக்கு இந்தக் கதை முக்கியமாகப்படுவது அவர்களால்தான். தையல் இயந்திரம் மிச்சப்படுத்திய 13 மணி நேரம் யாருடையது, அதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டும்.

அதனால் கதையை 1951இல், மான்செஸ்டரில் தொடங்குவேன். தடைச்சட்டம் போய்விட்டது. பின்னலாடை ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் ஒருவர் ஐந்து வருடம் முன்பு கண்டுபிடித்ததை, ஒரு பெண் தவணையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். ஐம்பது வருடம் கையால் தைத்த பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். தேநீர் ஆறுவதற்குள் ஒரு கை முழுவதும் தைத்தாகிவிட்டது. பாட்டி அதை வாங்கி, தையலை நகத்தால் இழுக்கிறாள். பிரியவில்லை. இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறாள்.

"இதுக்கு நாளையிலிருந்து என்ன கூலி தருவாங்க?"