நாய்க்கடி வழிகாட்டிப் படம், எழுத்தில்

ஊசி அறைக் கணினியைச் சுத்தம் செய்தபோது நாய்க்கடிப் படத்தின் கோப்பும் சேர்ந்து அழிந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த தாள் வெள்ளையடித்த நாளிலேயே போய்விட்டது. புதிய படம் வரும்வரை இரவுப் பணியில் இருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் கட்டமாக இருந்தவை இங்கே ‘படி’, வைர வடிவில் இருந்தவை ‘கேள்வி’. ஒரு கேள்விக்கு உள்தள்ளி எழுதியிருப்பவை அதன் கிளைகள். உங்கள் நோயாளிக்குப் பொருந்தும் கிளையை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

படி 1. காயத்தைக் கழுவுதல். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். வீட்டிலேயே கழுவிவிட்டேன் என்று சொன்னாலும் மறுபடி கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதைப் பூசி வந்திருந்தாலும் முழுக்கப் போக வேண்டும். பிறகு பொவிடோன் அயோடின். கட்டுப் போட வேண்டாம், தையல் வேண்டாம். ரத்தம் நிற்காமல் போனால் மருத்துவரை உடனே எழுப்புங்கள்.

கேள்வி 2. எந்த விலங்கு?
- நாய், பூனை, குரங்கு, மாடு, ஆடு → கேள்வி 3
- நரி, கீரி போன்ற காட்டு விலங்கு கடித்தது → காயத்தைப் பார்த்துத் தயங்காமல் மூன்றாம் வகை; கேள்வி 4
- வீட்டு எலி → பொதுவாக ஊசி தேவையில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு முடியுங்கள்

கேள்வி 3. காயம் எப்படிப்பட்டது?
- தொட்டது, தீனி வைத்தது, காயமில்லாத தோலை நக்கியது: முதல் வகை
  - சொல்வதை நம்பலாம் → ஊசி இல்லை, அனுப்பிவிடலாம்
  - சின்னக் குழந்தை, நடந்ததை யாரும் பார்க்கவில்லை → மருத்துவர் முடிவு செய்யட்டும்
- ரத்தம் வராத கீறல், துணி மறைக்காத தோலில் பல் லேசாகக் கவ்விய தடம்: இரண்டாம் வகை
  - நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர் (எச்.ஐ.வி., புற்றுநோய் சிகிச்சை) → மூன்றாம் வகையாகவே நடத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்
  - மற்றவர்கள் → கேள்வி 4
- தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது: மூன்றாம் வகை → கேள்வி 4

கேள்வி 4. முன்பே முழுத் தடுப்பூசி போட்டவரா?
- ஆம், சீட்டும் கையில் இருக்கிறது → 0, 3 ஆகிய இரு நாள்கள் மட்டும். சீரம் வேண்டாம்
  - ஆனால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர் → மருத்துவரிடம்
- இல்லை, அல்லது ‘போட்ட மாதிரி ஞாபகம்’ → படி 5

படி 5. தடுப்பூசி. கடிபட்டு ஒரு மாதம் ஆகி வந்தாலும் இன்றுதான் நாள் 0. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், கைக்குழந்தை யாருக்கும் விலக்கில்லை.
- தோலுக்குள் போடுவதானால்: ஒரு கைக்கு 0.1 மி.லி. வீதம் இரு கைகளிலும். நாள் 0, 3, 7, 28
- தசையில் போடுவதானால்: நாள் 0, 3, 7, 14, 28, மேல்கையில், சின்னக் குழந்தைக்குத் தொடையின் முன்பக்கத்தில். பிட்டத்தில் ஒருபோதும் இல்லை
- இரண்டாம் வகை → கேள்வி 7
- மூன்றாம் வகை → கேள்வி 6

கேள்வி 6. சீரம் இருப்பில் இருக்கிறதா?
- ஆம் → குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 அலகு, மனிதச் சீரம் 20 அலகு வரை. 30 கிலோ சிறுவனுக்கு முறையே 1200, 600. காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசி போட்ட சிரிஞ்சு, போட்ட இடம் இரண்டையும் இதற்குத் தொடக்கூடாது
- இல்லை → தடுப்பூசியை இன்றே போட்டு, சீட்டுடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். முதல் ஊசியிலிருந்து 7 நாள்களுக்குள் சீரம் போடலாம், அதற்குப் பிறகு பயனில்லை

கேள்வி 7. பத்தாம் நாளில் கடித்த நாய் எப்படி இருக்கிறது? பழைய படத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். அம்புக்குறி ஊசிக் கட்டத்துக்கு மேலே வளைந்து போனதால், ‘பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம்’ என்று படித்தவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஊசி முதல் நாளே தொடங்கும். பத்து நாள் கண்காணிப்பு அதன் கூடவே நடக்கும். நாய், பூனைக்கு மட்டுமே இந்தக் கேள்வி.
- நலமாக இருக்கிறது
  - தசை ஊசி → 14ஆம் நாளை விட்டுவிட்டு 28ஆம் நாள் போடுங்கள்
  - தோல் ஊசி → நான்கு நாள்களையும் முடியுங்கள்
- செத்தது, காணவில்லை, தெருநாய் என்பதால் தெரியவில்லை → முழுத் தவணையும்

படி 8. அடுத்த ஊசித் தேதிகள் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, உடன் வந்தவர் கையில் கொடுங்கள். ‘மூன்று நாள் கழித்து வாருங்கள்’ என்று வாயால் சொன்னால் சிலர் நான்காம் நாள் வருகிறார்கள். பதிவேட்டிலும் அதே தேதிகள்.