பிவட் டேபிள்: பன்னிரண்டு பில்களை வைத்து ஒரு பயிற்சி

நீண்ட விவரத்தைக் கிளைவாரியாக, பொருள்வாரியாக என்று நாம் கேட்டபடி கூட்டிச் சுருக்கித் தரும் எக்செல் வசதிதான் பிவட் டேபிள். இந்தப் பாடத்துக்குத் தேவை ஒரு வெற்று எக்செல் தாளும் ஒரு கால்குலேட்டரும். கால்குலேட்டர் எதற்கு என்று சிரிக்க வேண்டாம், முதல் வேலையே அதில்தான்.

கீழே உள்ளதை A1 கட்டத்திலிருந்து அப்படியே தட்டச்சு செய்யுங்கள். நகலெடுத்து ஒட்டாதீர்கள். கையால் அடித்த விவரம்தான் மனத்தில் நிற்கும், பிறகு விடை தப்பாக வந்தால் கண் உடனே கண்டுபிடிக்கும்.

| பில் எண் | மாதம் | கிளை | பொருள் | எண்ணிக்கை | தொகை |
|---|---|---|---|---|---|
| 101 | ஜனவரி | வடக்கு | நாற்காலி | 4 | 2000 |
| 102 | ஜனவரி | தெற்கு | மேசை | 2 | 2400 |
| 103 | ஜனவரி | வடக்கு | மேசை | 1 | 1200 |
| 104 | ஜனவரி | தெற்கு | நாற்காலி | 6 | 3000 |
| 105 | ஜனவரி | வடக்கு | அலமாரி | 1 | 2000 |
| 106 | பிப்ரவரி | தெற்கு | நாற்காலி | 3 | 1500 |
| 107 | பிப்ரவரி | வடக்கு | நாற்காலி | 5 | 2500 |
| 108 | பிப்ரவரி | தெற்கு | அலமாரி | 2 | 4000 |
| 109 | பிப்ரவரி | வடக்கு | மேசை | 3 | 3600 |
| 110 | மார்ச் | தெற்கு | மேசை | 1 | 1200 |
| 111 | மார்ச் | வடக்கு | நாற்காலி | 2 | 1000 |
| 112 | மார்ச் | தெற்கு | நாற்காலி | 4 | 2000 |

ஒவ்வொரு வரியும் ஒரு பில். தலைப்பு வரியில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது, இருந்தால் பிவட் டேபிள் உருவாகவே மறுக்கும். நடுவில் வெற்று வரியும் வேண்டாம். அழகுக்காகக் கட்டங்களை இணைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை இந்தத் தாளுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கால்குலேட்டரை எடுத்து வடக்குக் கிளையின் தொகையை மட்டும் கூட்டுங்கள். 12300 வர வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பில்கள் பன்னிரண்டாயிரமாக இருந்தால்?

முதல் அட்டவணை

விவரத்துக்குள் ஏதாவது ஒரு கட்டத்தைச் சொடுக்கி `Ctrl+T` அழுத்துங்கள். `My table has headers` என்பதில் குறி இருக்கிறதா என்று பார்த்து `OK` கொடுங்கள். அடுத்து `Insert` → `PivotTable` → `OK`. புதிய தாள் திறக்கும். வலப்பக்கம் உங்கள் ஆறு தலைப்புகளும், அவற்றின் கீழே `Filters`, `Columns`, `Rows`, `Values` என்று நான்கு பெட்டிகளும் தெரியும்.

பலர் இந்த இடத்தில்தான் மிரள்கிறார்கள். எதை எந்தப் பெட்டியில் போடுவது? கண்டபடி இழுத்துப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: மேலதிகாரி கேட்ட கேள்வியைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். விடை அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும்.

"கிளைவாரியாக எவ்வளவு விற்றிருக்கிறோம்?"

'வாரியாக' என்ற சொல் எதன்மேல் ஒட்டியிருக்கிறதோ அது `Rows` பெட்டிக்குப் போகும். 'எவ்வளவு' என்பது கூட்ட வேண்டிய எண், அது `Values` பெட்டிக்கு. ஆகவே கிளையை `Rows` பெட்டிக்கும் தொகையை `Values` பெட்டிக்கும் இழுங்கள். வடக்கு 12300, தெற்கு 14100, `Grand Total` 26400. நீங்கள் கால்குலேட்டரில் கூட்டிய அதே எண்தான்.

ஒரே கேள்வியில் இரண்டு 'வாரியாக' வந்தால் இரண்டாவதை `Columns` பெட்டியில் போடுங்கள். "கிளைவாரியாக, பொருள்வாரியாக எவ்வளவு?" என்பதற்குப் பொருளை அங்கே இழுத்தால் வடக்கில் நாற்காலி 5500, மேசை 4800, அலமாரி 2000. தெற்கில் முறையே 6500, 3600, 4000. வாக்கியத்தில் 'மட்டும்' வந்தால் அது `Filters` பெட்டிக்கு உரியது.

அந்த 4800-ஐ இருமுறை சொடுக்கிப் பாருங்கள். எந்தெந்த பில்களால் அந்த எண் வந்தது என்று 103, 109 இரண்டையும் தனித் தாளில் எடுத்து வைக்கும். "இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?" என்று தணிக்கையில் கேட்டால் இதைவிட நல்ல பதில் இல்லை.

'எத்தனை' என்ற சொல்லில் கவனம்

"எத்தனை நாற்காலி விற்றது?" என்பதும் "நாற்காலிக்கு எத்தனை பில் போட்டோம்?" என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு எண்ணிக்கை என்ற நெடுவரிசையைக் கூட்ட வேண்டும்: 24. இரண்டாவதற்கு பில்களை எண்ண வேண்டும்: 6.

புதிய பிவட் டேபிள் ஒன்றில் பொருளை `Rows` பெட்டியிலும் பில் எண்ணை `Values` பெட்டியிலும் போடுங்கள். நாற்காலிக்கு நேரே 641 என்று வரும். பில் எண்களையே கூட்டி வைத்திருக்கிறது! எண் என்று கண்டால் கூட்டுவது அதன் சுபாவம், பாவம், அதற்கு வேறொன்றும் தெரியாது. `Values` பெட்டியில் உள்ள `Sum of பில் எண்` மீது சொடுக்கி `Value Field Settings` → `Count` என்று மாற்றுங்கள். இப்போது 6 வரும்.

வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்போம்

முதல் பிவட் டேபிளுக்கு வந்து, பொருளை வெளியே இழுத்துவிட்டு, கிளைவாரியான கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விவரத் தாளில் பில் 107-இல் வடக்கு என்பதன் பின்னால் ஓர் இடைவெளி விடுங்கள். பிவட் டேபிளைப் பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. மாறாது. மூல விவரத்தைத் திருத்தினால் பிவட் டேபிள் தானாகத் திருந்துவதில்லை. அதன்மேல் வலது சொடுக்கு செய்து `Refresh` கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மறந்து, முந்தைய நாள் கணக்கைப் புதிய தேதி போட்டு அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

`Refresh` கொடுத்ததும் இரண்டு வடக்குகள் தோன்றும்: ஒன்றில் 9800, இன்னொன்றில் 2500. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒரு புதிய கிளையையே திறந்துவிட்டது. இடைவெளியை நீக்கி மறுபடி `Refresh` செய்யுங்கள். பெரிய கோப்பானால் பக்கத்து நெடுவரிசையில் இந்தச் சூத்திரத்தை இட்டுச் சுத்தம் செய்யலாம்:

```
=TRIM(C2)
```

அடுத்த கோளாறு இதைவிடப் பொல்லாதது. பில் 108-இல் தொகையை `'4000` என்று, முன்னால் ஒற்றை மேற்கோளுடன் அடித்து `Refresh` செய்யுங்கள். தெற்கு 10100-க்கு இறங்கிவிடும். அந்த 4000 இப்போது எண் அல்ல, எழுத்து. எழுத்தைக் கூட்டலில் சேர்க்காது, எச்சரிக்கவும் செய்யாது. வேறு மென்பொருளிலிருந்து எடுத்த விவரத்தில் இது அடிக்கடி நேரும். தொகையை `Values` பெட்டியில் போட்டதும் `Sum` வராமல் `Count` வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மேற்கோளை எடுத்துச் சரிசெய்யுங்கள்.

மாதத்தைப் பெயராக அடித்தது பயிற்சிக்காக மட்டுமே. பெயராக இருந்தால் மாதங்கள் நாள்காட்டி வரிசையில் வராமல் அகரவரிசையில் வரக்கூடும். அலுவலகக் கோப்பில் முழுத் தேதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்ய வேண்டியது

கடைசி வரிக்கு அடுத்து, 113, மார்ச், வடக்கு, அலமாரி, 2, 4000 என்று ஒரு பில்லைச் சேர்த்து `Refresh` கொடுங்கள். தொடக்கத்தில் `Ctrl+T` அழுத்தியதால் புது வரியும் தானே சேர்ந்துவிடும். மொத்தம் 30400 ஆகியிருக்க வேண்டும். பிறகு இவற்றுக்கு விடை காணுங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் 'வாரியாக', 'மட்டும்' ஆகிய சொற்களின் கீழ்ப் பென்சிலால் கோடிடுங்கள்.

1. பிப்ரவரியில் மட்டும் பொருள்வாரியாக எவ்வளவு விற்றது?
2. மாதவாரியாக எத்தனை பில்கள்?
3. மொத்த விற்பனையில் கிளைவாரியாக எத்தனை சதவீதம்? (`Values` பகுதியில் உள்ள எண்மேல் வலது சொடுக்கு, `Show Values As` → `% of Grand Total`.)

விடைகள்: முதலாவது, நாற்காலி 4000, மேசை 3600, அலமாரி 4000. இரண்டாவது, ஜனவரி 5, பிப்ரவரி 4, மார்ச் 4. மூன்றாவது, வடக்கு 53.62%, தெற்கு 46.38%. மூன்றாவதில் தெற்கின் சதவீதம் வடக்கைவிட அதிகமாக இருந்தால் `Refresh` கொடுக்க மறந்திருக்கிறீர்கள்.