இரண்டாம் ஆண்டுக் கல்விக் கடன் தவணையை விடுவிக்கக் கோரும் கடிதம்

அனுப்புநர்
செ. முருகையன் (இணைக் கடன்தாரர்),
மு. நிவேதா (கடன்தாரர்),
பட்டுக்கோட்டை.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
பட்டுக்கோட்டை கிளை.

நாள்: 22.09.2025

பொருள்: கல்விக் கடன் கணக்கு (கடைசி நான்கு இலக்கங்கள் 4172) – இரண்டாம் ஆண்டுத் தவணை ரூ.90,000-ஐ 30.09.2025-க்குள் கல்லூரிக் கணக்கில் செலுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் நிவேதா தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய நான்கு வருடப் படிப்புக்கு வருடத்துக்கு ரூ.90,000 வீதம் மொத்தம் ரூ.3,60,000 கடனாக உங்கள் கிளை 12.09.2024 அன்று அனுமதி அளித்தது. நான்கு லட்சத்துக்கு உட்பட்ட கடன் என்பதால் மார்ஜின் தொகையோ சொத்து ஜாமீனோ கேட்கவில்லை. முதல் வருடப் பணம் அந்த மாதமே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை.

இரண்டாம் ஆண்டுத் தவணைதான் இன்னும் வரவில்லை. கல்லூரியின் ஃபீஸ் டிமாண்ட் லெட்டரை வைத்து 24.07.2025 அன்று விண்ணப்பம் கொடுத்தோம். கிளையின் முத்திரை போட்ட நகல் எங்களிடம் இருக்கிறது. அப்போது கடன் பிரிவில் இருந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் முதல் வருட மதிப்பெண் பட்டியலின் அசல் வேண்டும் என்றார். அங்கேதான் விண்ணப்பம் நின்றுபோனது.

அசல் பட்டியலைப் பல்கலைக்கழகம் அச்சடித்துக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அது வர இன்னும் நாளாகும் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்கிறார்கள். ஆனால் முடிவு வந்துவிட்டது. இரண்டு செமஸ்டரிலும் நிவேதா எல்லாப் பாடமும் தேறியிருக்கிறாள், ஒரு அரியர்கூட இல்லை. இணையத்தில் எடுத்த முடிவுப் பிரதியில் கல்லூரி முதல்வர் கையொப்பமிட்டு முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார். அவள் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வருகிறாள் என்று போனஃபைட் சான்றிதழும் தந்திருக்கிறார். உங்கள் அனுமதிக் கடிதத்தில் அடுத்தடுத்த தவணைக்குக் கேட்டிருப்பது "முந்தைய ஆண்டுத் தேர்ச்சிக்கான சான்று" மட்டுமே. அசல் என்ற சொல் அதில் இல்லை. முதல்வர் சான்றளித்த பிரதி அந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது என்றே நாங்கள் நம்புகிறோம். அசல் பட்டியல் கைக்கு வந்ததும் கொண்டுவந்து காட்டுவதாக இதன் மூலம் எழுதித் தருகிறோம்.

கட்டண விவரம் இது: படிப்புக் கட்டணம் ரூ.62,000, விடுதியும் மெஸ்ஸும் ரூ.22,000, ஆய்வகம் மற்றும் மருத்துவமனைப் பயிற்சிக்கான பேருந்து ரூ.6,000, சீருடை ரூ.2,500, ஆக மொத்தம் ரூ.92,500. இதில் சீருடைப் பணத்தை நாங்களே கட்டிவிட்டோம். மீதி ரூ.90,000, நீங்கள் அனுமதித்த தொகைக்குச் சரியாக வருகிறது. கூடுதலாக எதுவும் கேட்கவில்லை.

கல்லூரி ஏற்கெனவே ஒருமுறை கெடுவை நீட்டித்துக் கொடுத்தது. 30.09.2025 தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 அபராதம். கட்டண பாக்கி இருக்கும்வரை செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தையும் வாங்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். நான் தேங்காய் லோடு மினி லாரி ஓட்டுகிறேன். வட்டிக்கு வெளியே வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் வங்கிப் பணத்தில் ஈடுகட்டலாம் என்றாலும், பணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குத்தானே போகும்? அதனால் அந்த வழியும் எங்களுக்கு இல்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை கட்ட வேண்டும் என்றாலும், முதல் வருடத் தொகைக்கான வட்டியை இப்போதே மாதாமாதம் கட்டி வருகிறோம். அதில் நிலுவை கிடையாது. பாஸ்புத்தகப் பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆகவே தயவுசெய்து ரூ.90,000-ஐ 30-ஆம் தேதிக்குள் டிமாண்ட் லெட்டரில் உள்ள கல்லூரிக் கணக்குக்கு நெஃப்ட் மூலம் அனுப்பி, யுடிஆர் எண்ணை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். முழுத் தொகைக்கு இன்னும் ஒப்புதல் வர வேண்டியிருந்தால் படிப்புக் கட்டணம் ரூ.62,000-ஐயாவது முதலில் விடுவியுங்கள். அதற்கும் நாளாகும் என்றால், கடன் அனுமதிக்கப்பட்டு தவணை பரிசீலனையில் உள்ளது என்று கல்லூரி முதல்வருக்கு வங்கியின் கடிதம் ஒன்று கொடுத்தால், அதைக் காட்டி அவகாசம் கேட்போம். வேறு ஏதாவது காகிதம் குறைகிறது என்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத்தில் கேளுங்கள், அன்றே கொண்டுவந்து தருகிறோம்.

நிவேதா பயிற்சிக்காக வார்டில் நிற்க ஆரம்பித்துவிட்டாள். படிப்பில் எந்தக் குறையும் வைக்காத பிள்ளை, பணம் வரத் தாமதமானதால் தேர்வு எழுத முடியாமல் போய்விடக் கூடாது. இந்த வாரத்துக்குள் நல்ல பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,

செ. முருகையன்
மு. நிவேதா

இணைப்பு: கடன் அனுமதிக் கடித நகல்; கல்லூரியின் ஃபீஸ் டிமாண்ட் லெட்டர் (18.07.2025) மற்றும் கெடு நீட்டிப்புக் கடிதம்; முதல்வர் சான்றளித்த தேர்வு முடிவு; போனஃபைட் சான்றிதழ்; சீருடைக் கட்டண ரசீது; 24.07.2025 விண்ணப்பத்தின் முத்திரையிட்ட நகல். வட்டி கட்டிய பாஸ்புத்தகப் பக்க நகல்.