மொழிபெயர்ப்பாளர் பணிக்கான நேர்காணல்: ஒலிப்பதிவிலிருந்து எழுதியது

பணி: ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பும் நேரடி உரைபெயர்ப்பும், பெரும்பாலும் மருத்துவம், கொஞ்சம் நீதிமன்ற ஆவணம். கேட்டவர்கள் இருவர்: பதினெட்டு வருடமாகப் பிறர் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் திருத்துநர் (பெண்), உரைபெயர்ப்புப் பிரிவின் மூத்தவர் (ஆண்). விண்ணப்பதாரர் எண் 4, பெண், ஆறு வருட அனுபவம். பேச்சு நடை திருத்தப்படவில்லை. அறிமுகமும் படிப்பு விவரமும் விடப்பட்டுள்ளன.

நேர்காணலுக்கு முன்பு, ஒரு மருந்துக் குறிப்பின் ஒரு பத்தியை மொழிபெயர்க்க 20 நிமிடம் தரப்பட்டது. அகராதி உண்டு, கைபேசி கிடையாது. அவர் எழுதித் தந்தது:

"நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒரு மாத்திரை சாப்பிடவும். இரண்டு வேளைகளுக்கும் இடையே எட்டு மணி நேர இடைவெளி இருக்க வேண்டும். ஐந்து நாட்கள் வரை சாப்பிடலாம். உங்களுக்குக் கல்லீரல் நோய் இருந்தால், மருத்துவர் சொல்லாமல் இந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது. மயக்கம் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி பெறவும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யப்படும். மாத்திரைகளை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது."

கடைசிக்கு முந்தைய வரிக்குப் பக்கத்தில் பென்சிலால்: "பை-வீக்லி: வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா? எழுதியவரிடம் கேட்க வேண்டும்."

திருத்துநர்: பென்சில் குறிப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஏன் எழுதினீங்க?

விண்ணப்பதாரர்: அந்தச் சொல்லுக்கு ரெண்டு பொருளும் உண்டு மேடம். ஐந்து நாள் மருந்துக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனைன்னா கொஞ்சம் இடிக்குது. ஆனா நானா முடிவு பண்ண முடியாது.

திருத்துநர்: சரி. ஆனா ஒண்ணை எழுதிட்டீங்களே.

விண்ணப்பதாரர்: வெற்றிடமா விட்டா தாளை முடிக்கலைன்னு நினைப்பீங்களோன்னு… வேலையில இருந்தா அந்த வரியை மஞ்சளடிச்சு, பதில் வர்ற வரைக்கும் அனுப்ப மாட்டேன்.

திருத்துநர்: மீதியை நீங்களே திருத்துங்க. மூலத்தை இப்ப வாசிக்கிறேன், நீங்க உங்க தாளைப் பாருங்க. "அட் லீஸ்ட் எய்ட் அவர்ஸ் அபார்ட்."

விண்ணப்பதாரர்: (சில நொடிகள்) 'குறைந்தது' விட்டுப்போச்சு.

திருத்துநர்: விட்டா என்ன ஆகும்?

விண்ணப்பதாரர்: சரியா எட்டு மணி நேரம்னு ஆகிடும். காலை ஏழுக்குப் போட்டவங்க மதியம் மூணு மணிக்கு அலாரம் வைப்பாங்க. பத்து மணி நேரம் கழிச்சுப் போட்டாத் தப்புன்னு பயப்படுவாங்க.

திருத்துநர்: "ஃபார் நோ மோர் தேன் ஃபைவ் டேஸ்."

விண்ணப்பதாரர்: 'ஐந்து நாட்கள் வரை சாப்பிடலாம்.' கணக்கு சரிதான்…

திருத்துநர்: கணக்கு சரி. குரல்?

விண்ணப்பதாரர்: மூலம் தடுக்குது. நான் அனுமதி கொடுத்துட்டேன். 'ஐந்து நாட்களுக்கு மேல் சாப்பிடக் கூடாது'ன்னு இருக்கணும்.

திருத்துநர்: "இஃப் யூ ஹேவ் ஹேட் லிவர் டிசீஸ்."

விண்ணப்பதாரர்: ஐயோ. 'இருந்தால்'னு போட்டிருக்கேன். முன்னாடி வந்து குணமானவங்க தங்களுக்கு இல்லைன்னு நினைச்சுச் சாப்பிட்டிருவாங்க. 'இப்போதோ முன்போ கல்லீரல் நோய் இருந்திருந்தால்.'

திருத்துநர்: "லைட்-ஹெடட்."

விண்ணப்பதாரர்: மயக்கம்னு போட்டது… பேச்சுல தலை சுத்துறதையும் மயக்கம்பாங்க, நினைவு தப்பி விழுறதையும் மயக்கம்பாங்க. விழுந்த பிறகு மருந்தை நிறுத்தி என்ன பிரயோஜனம்? 'தலை கிறுகிறுத்தால்'.

திருத்துநர்: இன்னும் ஒண்ணு இருக்கு. மூலத்துல இல்லாத ஒரு சொல்.

(நீண்ட மௌனம். இரண்டு முறை வாசிக்கிறார்.)

விண்ணப்பதாரர்: 'உடனே.'

திருத்துநர்: ஏன் சேர்த்தீங்க?

விண்ணப்பதாரர்: கை தானா எழுதிருச்சு மேடம். தமிழ்ல அந்த இடத்துல 'உடனே' வந்துதான் பழக்கம்.

திருத்துநர்: விட்டதைக் கண்டுபிடிக்கிறது சுலபம், சேர்த்ததைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். நல்லதுக்குத்தான் சேர்த்தேன்னு மனசு சமாதானம் சொல்லும். பொதுவா ஒரு வேலையை முடிச்சதும் எப்படிச் சரிபார்ப்பீங்க?

விண்ணப்பதாரர்: முதல்ல மூலத்தைப் பார்க்காம தமிழை மட்டும் சத்தமா வாசிப்பேன். அப்புறம் வரிக்கு வரி. மூணாவது தடவை பொருளையே பார்க்க மாட்டேன். எண், தேதி, அளவு, பெயர், 'இல்லை', 'அல்லது', 'தவிர', இது மட்டும். மூலத்துல எத்தனை எண் இருக்குன்னு எண்ணி, என்னுதுல அத்தனை இருக்கான்னு பார்ப்பேன். மில்லியனை லட்சமாக்கின இடத்தைத் தனியாப் போட்டுப் பார்ப்பேன். 1.2 மில்லியனைப் பன்னிரண்டு லட்சம்னு எழுதணும்; அசந்தா ஒரு சைபர் ஓடிப்போகும். 03/04 மாதிரித் தேதி வந்தா எந்த நாட்டு வழக்கம்னு கேட்பேன்.

திருத்துநர்: இன்னைக்கு அந்த மூணாவது தடவை பார்த்தீங்களா?

விண்ணப்பதாரர்: நேரம் போதலை. இல்ல… மூணாவதைத்தான் முதல்ல செஞ்சிருக்கணும்.

திருத்துநர்: மொழிபெயர்ப்புச் சேவைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 17100 படி, மொழிபெயர்த்தவரே சரிபார்த்தா மட்டும் போதாது, இன்னொருத்தர் மூலத்தோட ஒப்பிட்டுத் திருத்தணும். இங்கே அதைச் செய்யறது நான். என் திருத்தத்தோட உங்களுக்கு உடன்பாடில்லைன்னா?

விண்ணப்பதாரர்: நடை சம்பந்தமா இருந்தா உங்க இஷ்டம். பொருள் மாறுதுன்னா காரணம் எழுதித் திருப்பி அனுப்புவேன். ஆவணங்கள்ல 'மே', 'ஷால்' மாதிரி இடத்துல விட்டுக்கொடுக்க மாட்டேன். 1889ல எத்தியோப்பியாவும் இத்தாலியும் போட்ட உச்சாலி ஒப்பந்தத்துல 17ஆவது பிரிவு அப்படித்தான்: அம்ஹாரிக் பிரதி, வெளிநாட்டு விவகாரங்களுக்கு இத்தாலியைப் 'பயன்படுத்திக்கொள்ளலாம்'ங்குது, இத்தாலியப் பிரதி 'பயன்படுத்தியாக வேண்டும்'ங்குது. அந்தத் தகராறு போராச்சு, 1896ல அட்வா வரைக்கும் போச்சு.

திருத்துநர்: நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. உங்க தாள்லயும் ஒரு 'சாப்பிடலாம்' இருந்துச்சு.

(விண்ணப்பதாரர் சிரிக்கிறார்.)

உரைபெயர்ப்பாளர்: இனி என் முறை. நான் நோயாளி, வயசானவன். தமிழ் மட்டும்தான் தெரியும். மேடம் டாக்டர், தமிழ் தெரியாது. நீங்க நடுவுல. ஆரம்பிக்கலாமா?

விண்ணப்பதாரர்: ஒரு நிமிஷம் சார். (இரு பக்கமும் திரும்பி, தமிழிலும் ஆங்கிலத்திலும்) நான் உரைபெயர்ப்பாளர். இங்கே பேசுற எல்லாத்தையும் மொழிபெயர்ப்பேன். எதையும் விட மாட்டேன், சேர்க்க மாட்டேன். வெளியே சொல்லவும் மாட்டேன். 'நான்'னு நீங்க சொன்னா நானும் 'நான்'னே சொல்லுவேன்.

உரைபெயர்ப்பாளர்: (நோயாளியாக) நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதும்மா. வீட்டுல அவ போனதுலேர்ந்து தூக்கமே இல்ல. மாத்திரையை நானா நிறுத்திட்டேன். அதை டாக்டர்கிட்ட சொல்லிடாத தாயி.

(விண்ணப்பதாரர் முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்கிறார். பிறகு, நோயாளி சொன்ன ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் அவரிடமே கேட்கப்போவதாக மருத்துவருக்கு ஆங்கிலத்தில் அறிவிக்கிறார்.)

விண்ணப்பதாரர்: ஐயா, 'போனது'ன்னு சொன்னீங்களே, ஊருக்குப் போயிருக்காங்களா, இல்ல காலமாயிட்டாங்களா?

உரைபெயர்ப்பாளர்: காலமாயிட்டா. நாலு மாசம்.

(மீதியை ஆங்கிலத்தில் சொல்கிறார், 'அதை டாக்டரிடம் சொல்லிவிடாதே' என்பதையும் சேர்த்து.)

உரைபெயர்ப்பாளர்: (நோயாளியாக) ஏம்மா, சொல்லாதேன்னேனே!

விண்ணப்பதாரர்: ஐயா, இந்த அறையில சொல்றது எல்லாத்தையும் சொல்லிடுவேன்னு முதல்லயே சொன்னேன். (ஆங்கிலத்தில் மருத்துவரிடம் இந்தப் பரிமாற்றத்தையும் சொல்கிறார்.)

உரைபெயர்ப்பாளர்: போதும். ஒரு கிழவன் கெஞ்சுறான், இரக்கமே இல்லையா?

விண்ணப்பதாரர்: இருக்கு சார். அதனாலதான் முதல்லயே எச்சரிக்கை சொல்லிடறேன். மாத்திரையை நிறுத்தினதை மறைச்சா டாக்டர் அளவைக் கூட்டிருவார்.

உரைபெயர்ப்பாளர்: காரணம் சரியா இருக்கலாம், ஆனா அது டாக்டரோட காரணம். உங்க காரணம் 'எல்லாத்தையும் சொல்லுவேன்'ங்கிறது மட்டும்தான். வைத்தியத்துக்குள்ள கால் வைக்காதீங்க. 'போனது' கேட்ட விதம் நல்லா இருந்துச்சு. ஆனா டாக்டருக்குப் புரியாம ரெண்டு பேரும் தமிழ்ல பேசினது பதினைஞ்சு நொடி. அதை இன்னும் குறைக்கலாம். சரி, இதுவரைக்கும் செஞ்சதுலயே கஷ்டமான வேலை எது?

விண்ணப்பதாரர்: போன வருஷம் ஒரு விவாகரத்து வழக்கு சார். கணவர் ஒரு துறைமுகத்துல… (நிறுத்துகிறார்)

உரைபெயர்ப்பாளர்: சொல்லுங்க. துறைமுகத்துல?

விண்ணப்பதாரர்: மன்னிக்கணும். அதுக்கு மேல சொல்லக் கூடாது. சொன்னதே அதிகம்.

உரைபெயர்ப்பாளர்: பெயரைக் கேட்கலையே.

விண்ணப்பதாரர்: வேலையும் வருஷமும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடிச்சிரலாம். கஷ்டம் எதுலன்னா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினாங்க. ஒவ்வொருத்தரா பேசச் சொல்லணும்னு நீதிபதியைக் கேட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

திருத்துநர்: ஒரு கலைச்சொல் கிடைக்கலை. மொழிபெயர்ப்பாளர்கள் வாட்ஸப் குழுவுல வாக்கியத்தைப் போட்டுக் கேட்பீங்களா?

விண்ணப்பதாரர்: முன்னாடி போட்டிருக்கேன். ஒரு தடவை வாக்கியத்துலயே கம்பெனி பேர் இருந்துச்சு, குழுவுல ஒருத்தர் எனக்குத் தனியா, "அந்த வேலை உங்களுக்கா வந்துச்சு?"ன்னு கேட்டார். அன்னையோட நிறுத்திட்டேன். இப்ப சொல்லை மட்டும், துறையோட பேரைச் சொல்லிக் கேட்பேன்.

திருத்துநர்: வேலையை வாடிக்கையாளருக்குக் கொடுத்த பிறகு உங்ககிட்ட என்ன மிஞ்சும்?

விண்ணப்பதாரர்: ஒப்பந்தத்துல சொன்ன காலம் வரைக்கும் கோப்பு, பூட்டுப் போட்ட தனி ஃபோல்டர்ல. வீட்டுக் கணினியில பிள்ளைங்களுக்கு வேற கணக்கு. முன்னாடி மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேர்த்து வைக்கிற மொழிபெயர்ப்பு நினைவகத்தை வாடிக்கையாளருக்கு ஒண்ணா வெச்சிருக்கேன். ஒருத்தர் வாக்கியம் இன்னொருத்தர் வேலையில எட்டிப் பார்க்கக் கூடாது. உரைபெயர்ப்புக் குறிப்பேட்டை அன்னைக்கே கிழிச்சிருவேன்.

உரைபெயர்ப்பாளர்: உள்ளே போனா நோயாளி உங்க சொந்தக்காரர்?

விண்ணப்பதாரர்: அப்பவே சொல்லி விலகிடுவேன். வேற ஆள் வர நேரமாகும், உயிருக்கு ஆபத்துன்னா, எல்லார் முன்னாடியும் உறவைச் சொல்லிட்டு ஆள் வர்ற வரைக்கும் செய்வேன். வீட்டுல போய், பார்த்ததையே சொல்ல மாட்டேன்.

உரைபெயர்ப்பாளர்: காத்திருக்கும்போது, மருத்துவர் இல்லாத நேரத்துல, ஒருத்தர் யாரையோ வெட்டப்போறேன்னு சொல்றார்.

விண்ணப்பதாரர்: அது… ரகசியம்னு சும்மா இருக்க முடியாது. நானா போலீஸுக்குப் போறதா, முதல்ல உங்ககிட்ட சொல்றதான்னு எனக்குத் தெளிவா இல்லை சார். உங்க விதி என்ன?

உரைபெயர்ப்பாளர்: உடனே அந்த மருத்துவருக்கும் எனக்கும். அப்புறம் சட்டம் சொல்றபடி. தெரியலைன்னு சொன்னதுக்கு நன்றி; மூணாம் எண் இதுக்கு ஒரு பிரசங்கமே பண்ணினார்.

(திருத்துநர் மேசைக்கு அடியில் அவர் காலைத் தட்டுகிறார்.)

உரைபெயர்ப்பாளர்: ஆமா, மற்றவர் பதிலை நான் சொல்லியிருக்கக் கூடாது. பதிவுல இருக்கட்டும்.

திருத்துநர்: நீங்க ஏதாவது கேட்கணுமா?

விண்ணப்பதாரர்: நான் எழுதித் தந்த தாளை என்ன பண்ணுவீங்க?

திருத்துநர்: பெயர் இல்லாம, எண் மட்டும் போட்டு, தேர்வு முடியுற வரைக்கும் வெச்சிருப்போம். அப்புறம் கிழிச்சிருவோம். அந்த மருந்துக் குறிப்பும் நாங்களே எழுதினது. வாடிக்கையாளர் வேலையைத் தேர்வுக்குக் கொடுக்கறதில்லை.

விண்ணப்பதாரர்: அப்ப அந்த 'பை-வீக்லி'…

திருத்துநர்: வேணும்னே வெச்சது. மூணு பேர் கேட்காமலே தாண்டிப் போனாங்க.

குழுவின் குறிப்பு, அன்று மாலை திருத்துநர் எழுதியது:

தாளில் ஐந்து பிழைகள். மூன்று, நோயாளியைப் பாதிக்கக்கூடியவை. மூலத்தைக் கேட்டதும் ஐந்தையும் தானே பிடித்தார், ஐந்தாவதற்கு நேரம் எடுத்தது. 'துறைமுகம்' என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டது; அதைத் தானே நிறுத்தியது உண்மை, வந்ததும் உண்மை. உரைபெயர்ப்பில் உடனே அனுப்பலாம் என்கிறார் மூத்தவர். எழுத்து வேலையில், முதல் மூன்று மாதம் ஒவ்வொரு பக்கமும் என் மேசை வழியாகப் போகும் என்ற நிபந்தனையோடு எடுக்கலாம் என்கிறேன். ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திடும் முன்பு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் பற்றிய பகுதியை அவரோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.