மைக் கைக்கு வந்ததும்: திருப்பூர் தொழில் சந்திப்பில் ஒரு அறிமுகம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எம்பேரு செந்தில்குமார். பனியன் துணியை கட்டிங் டேபிள்ல ஏத்தறதுக்கு முன்னாடி சோதிச்சு, வெட்டலாமா வேண்டாமான்னு சொல்றதுதான் என் வேலை. இந்த ஹால்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாதுங்க. யாரு சாயப்பட்டறை, யாரு காம்பாக்டிங்னு தெரியாமலே பேசறேன், கோவிச்சுக்காதீங்க.

கையில இருக்கிறது ஒரு வட்டத் துணி. சிங்கிள் ஜெர்சி. ஜிஎஸ்எம் கட்டர்ல வெட்டினது, சரியா 100 சதுர சென்டிமீட்டர். தராசுல 1.52 கிராம் காட்டுது, நூறால பெருக்கினா சதுர மீட்டருக்கு 152 கிராம். ஆர்டர்ல கேட்டது 160. அந்த எட்டு எங்க போச்சு? டயா வரணும்னு அகலத்துல இழுத்து விட்டிருக்காங்க. அஞ்சு சதவீதம் கூடக்குறைய ஒத்துக்கிற பையர்கிட்ட இது மயிரிழையில பாஸ் ஆயிரும். வாஷ் டெஸ்ட்ல மாட்டும்ங்க. தண்ணி பட்டதும் இழுத்த துணி பழையபடி சுருங்கும், தச்ச டிசர்ட் உடம்பைப் பிடிக்கும். அதனால எடை மட்டும் பாத்து நான் ஓகே சொல்றதில்லை. துவைச்சு, காயவச்சு, திரும்ப அளப்பேன். மெஷின்ல இருந்து சூடா வந்த ரோல்லயும் கட்டரை வைக்க மாட்டேன். பிரிச்சுப்போட்டு ஆறவிட்டு, ஓரத்தை விட்டுட்டு அஞ்சு இடத்துல வெட்டி சராசரி எடுப்பேன்.

ரோல் பாக்கறது நாலு பாயின்ட் முறையிலதான். குறை 3 இன்ச் வரைக்கும் ஒரு பாயின்ட், 6 வரைக்கும் ரெண்டு, 9 வரைக்கும் மூணு, அதுக்கு மேல நாலு. ஓட்டைக்குத் தனிக் கணக்கு: ஒரு இன்ச்சுக்குள்ள ரெண்டு, தாண்டினா நாலு. 100 சதுர கெஜத்துக்கு 40 பாயின்ட்டுக்கு மேல போற ரோலை ஒதுக்கி வச்சிருவேன், பையர் வேற அளவு கொடுத்திருந்தா அதுப்படி. உங்க குடோனுக்கே வந்து, உங்க மெஷின்லயே ஓட்டிக் குடுப்பேன். ரிப்போர்ட்டுல ரோல் நம்பர், எத்தனாவது மீட்டர்ல என்ன குறைன்னு இருக்கும். அது இல்லாத ரிப்போர்ட்டை வச்சு சாயப்பட்டறைகிட்ட நியாயம் பேச முடியாதுங்களே.

கலர் ஷேட் மட்டும் இந்த மாதிரி டியூப்லைட்ல காட்டிக் கேக்காதீங்க. லைட் பாக்ஸ்ல பாக்காம வாயைத் திறக்க மாட்டேன்.

சொந்தமா சோதனைக்கு ஆள் போட முடியாத, ஆர்டருக்கு 500 கிலோவுல இருந்து ரெண்டு டன் வரைக்கும் துணி எடுக்கிறவங்களைத்தான் இன்னைக்குத் தேடி வந்திருக்கேன். காம்பாக்டிங் பண்றவங்க இருந்தாலும் பேசணும்ங்க. டெலிவரிக்கு முன்னாடியே அங்க ஒரு தடவை பாத்துட்டா, துணி திரும்பி வர்ற வண்டி வாடகை உங்களுக்கு மிச்சம்.

டீ இடைவேளையில ஜன்னல் ஓரமா நிப்பேன். கட்டரும் தராசும் பையிலேயே இருக்கு. சாம்பிள் துணி வச்சிருக்கிறவங்க கொண்டாங்க, அங்கயே எடை போட்டுப் பாத்துருவோம். இந்தாங்கண்ணா, மைக்கைப் பிடிங்க.