பயிற்சித்தாள் 2: எண் முறை மாற்றங்கள்

பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல்
நேரம்: இரண்டு பாடவேளை
கட்டம் போட்ட நோட்டில் செய்யுங்கள். கால்குலேட்டரைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் எடுங்கள்.

முதலில் அளக்கலாம்

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பழைய நெல் அளவைக் கேட்டுப் பாருங்கள். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். அப்படியானால் ஒரு மரக்காலில் 64 ஆழாக்கு. 2 மரக்கால், 5 படி, 3 ஆழாக்கு நெல் இருக்கிறது. மொத்தம் எத்தனை ஆழாக்கு?

2 × 64 + 5 × 8 + 3 × 1 = 171

இப்போது செய்ததுதான் எண்ணிலையிலிருந்து பதின்மத்துக்கு மாற்றும் கணக்கு. (253)₈ என்று எழுதினால் அது 2 மரக்கால் 5 படி 3 ஆழாக்கு. (171)₁₀ என்று எழுதினாலும் அதே நெல்தான். குவியல் மாறவில்லை, அளக்கும் பாத்திரம்தான் மாறியிருக்கிறது. அடிமானம் 8 உள்ள எண்ணில் 8 என்ற இலக்கம் ஏன் வராது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். 8 ஆழாக்கு சேர்ந்ததும் அது ஒரு படியாகிவிடுகிறது. ஆழாக்கு இடத்தில் அதிகம் போனால் 7தான் நிற்கும்.

இருநிலைக்கும் நம்மிடம் பாத்திரம் உண்டு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. இட மதிப்புகள் 1, 2, 4, 8. ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரு முறை பயன்படுத்தலாம், அல்லது பயன்படுத்தாமல் விடலாம். 11 ஆழாக்கு அரிசியை அளந்தால் படி 1, உரி 0, உழக்கு 1, ஆழாக்கு 1. அதாவது (1011)₂.

பதினாறு நிலைக்கு ரூபாய் அணா. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வரும் வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. 3 ரூபாய் 14 அணா என்றால் 3 × 16 + 14 = 62 அணா. இந்த 14ஐ ஒரே இலக்கமாக எழுத வேண்டும், இல்லையென்றால் 314 என்று குழம்பிப்போகும். அதற்குத்தான் எழுத்துகள்: 10க்கு A, 11க்கு B, 12க்கு C, 13க்கு D, 14க்கு E, 15க்கு F. ஆகவே 62 என்பது (3E)₁₆.

பதின்மத்திலிருந்து மற்றவற்றுக்கு

44ஐ இருநிலைக்கு மாற்றுவோம்.

```
44 ÷ 2 = 22   மீதி 0
22 ÷ 2 = 11   மீதி 0
11 ÷ 2 = 5    மீதி 1
 5 ÷ 2 = 2    மீதி 1
 2 ÷ 2 = 1    மீதி 0
 1 ÷ 2 = 0    மீதி 1
```

மீதியைக் கீழிருந்து மேலாக எழுதுங்கள்: 101100. சரிபார்த்தால் 32 + 8 + 4 = 44.

"ஏன் சார் கீழிருந்து?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். முதல் வகுத்தலில் என்ன நடக்கிறது? ஒற்றை ஒற்றையாக இருப்பதை இரண்டிரண்டாகக் கட்டுகிறீர்கள். கட்டாமல் மிஞ்சுவது ஒற்றை. அது மிகச் சிறிய இடத்துக்கு, வலது ஓரத்துக்கு உரியது. அடுத்த வகுத்தலில் அந்த இரட்டைகளை மறுபடி இரண்டிரண்டாகச் சேர்க்கிறீர்கள். அங்கே மிஞ்சுவது இரண்டுகளின் இடத்துக்குப் போகும். ஆக முதலில் கிடைக்கும் மீதி வலக்கோடியிலும், கடைசியில் கிடைப்பது இடக்கோடியிலும் உட்காரும்.

போன ஆண்டு வகுப்புத் தேர்வில் 45ஐக் கொடுத்திருந்தேன். விடை 101101. எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த வாரம் 44ஐக் கொடுத்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் 001101 என்று எழுதியிருந்தார்கள். அது 13. அப்புறம்தான் தெரிந்தது, 101101 எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான். மேலிருந்து கீழாகப் படித்தவர்களுக்கும் அதில் சரியான விடை கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்கத் தப்பைச் சரியென்று நம்பியிருந்தார்கள். அதனால் கீழே வகுத்துச் செய்யும் கணக்குகளில் திருப்பிப் போட்டாலும் ஒன்றாக வரும் விடை ஒன்றுகூட இல்லை.

எண்ணிலைக்கு 8ஆலும், பதினாறு நிலைக்கு 16ஆலும் இதே முறையில் வகுக்க வேண்டியதுதான். 171ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 11. அந்த 10ஐ மறுபடி வகுத்தால் ஈவு 0, மீதி 10. கீழிருந்து 10, 11. விடை (AB)₁₆. 1011 என்று எழுதிவிடாதீர்கள்.

கூட்டமாகப் பிரித்தல்

8 என்பது 2³, 16 என்பது 2⁴. அதனால் மூன்று பிட் சேர்ந்து ஓர் எண்ணிலை இலக்கம், நான்கு பிட் சேர்ந்து ஒரு பதினாறு நிலை இலக்கம். இந்த மாற்றங்களுக்கு வகுத்தலே வேண்டாம். நம் 171 இருநிலையில் 10101011.

```
010 101 011  ->  2 5 3
1010 1011    ->  A B
```

எப்போதும் வலப்பக்கத்திலிருந்து பிரியுங்கள். இடப்பக்கம் பிட் குறைந்தால் முன்னால் 0 போட்டு நிரப்பலாம், நெல் கூடிவிடாது. இடமிருந்து பிரித்தால் 101 010 11 என்றாகி 523 வரும். அது 339, ஏறக்குறைய இரண்டு மடங்கு.

திரும்பி வரும்போது இன்னொரு குழி இருக்கிறது. (105)₈ஐ இருநிலையாக்கும்போது 1க்கு 1, 0க்கு 0, 5க்கு 101 என்று ஒட்டி 10101 எழுதுகிறவர்கள் உண்டு. அது 21. ஒவ்வோர் இலக்கத்துக்கும் முழுதாக மூன்று பிட் கொடுங்கள்: 001 000 101. இது 69. முதல் கூட்டத்தின் முன்னால் உள்ள சுழியங்களை மட்டும் விடலாம், நடுவில் இருப்பவை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எண்ணிலையிலிருந்து பதினாறு நிலைக்குப் போக இருநிலைதான் நல்ல வழி. (725)₈ = 111 010 101. சேர்த்து வலமிருந்து நான்காகப் பிரித்தால் 1 1101 0101, அதாவது (1D5)₁₆. இரண்டுமே 469தானா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

புள்ளிக்கு வலப்பக்கம்

இருநிலையில் புள்ளிக்கு அடுத்த இடங்கள் 1/2, 1/4, 1/8, 1/16. இவற்றுக்குத் தமிழில் பெயரே இருக்கிறது: அரை, கால், அரைக்கால், வீசம். 0.625 என்பது அரையும் அரைக்காலும். ஆகவே (0.101)₂. கணக்காகச் செய்தால் 2ஆல் பெருக்கி, முழு எண்ணைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

```
0.625 × 2 = 1.25   எடுத்தது 1
0.25  × 2 = 0.5    எடுத்தது 0
0.5   × 2 = 1.0    எடுத்தது 1
```

இங்கே மேலிருந்து கீழாக எழுதவேண்டும். முதலில் எடுப்பது அரையின் இடம், அது புள்ளியை ஒட்டியே நிற்கும்.

எல்லாப் பின்னமும் இப்படி முடிந்துவிடாது. 0.1ஐச் செய்து பாருங்கள்: 0.000110011... என்று 0011 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். கணினி எங்கோ ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். அதனால்தான் பைத்தானில் இப்படி வருகிறது:

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
```

பயிற்சி

1. 26, 100, 205, 1947 ஆகியவற்றை இருநிலை, எண்ணிலை, பதினாறு நிலைக்கு மாற்றுக. 1947க்கு 2ஆல் பதினொரு முறை வகுக்கவேண்டும். முதலில் 16ஆல் வகுத்துவிட்டுப் பிட்டுகளாக விரித்தால் மூன்றே வரியில் முடியும்.

2. பதின்மமாக மாற்றுக: (110101)₂, (427)₈, (2F4)₁₆, (1011.011)₂.

3. வகுக்காமல் மாற்றுக: (1101110)₂ எண்ணிலைக்கும் பதினாறு நிலைக்கும், (306)₈ பதினாறு நிலைக்கு, (A07)₁₆ எண்ணிலைக்கு.

4. 0.8125ஐ இருநிலையில் எழுதுக. அதை அரை, கால், வீசம் என்று சொல்லியும் காட்டுக.

5. 6 மரக்கால் 7 ஆழாக்கு நெல் இருக்கிறது. இதை எண்ணிலையில் எழுதி, மொத்த ஆழாக்கைக் கண்டுபிடிக்க.

6. யூனிகோடில் 'க' எழுத்தின் எண் U+0B95. இது பதின்மத்தில் எவ்வளவு? தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 0B80 முதல் 0BFF வரை. அதில் மொத்தம் எத்தனை இடங்கள்?

7. வலைப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தின் குறியீடு `#FFA500`. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம். மூன்றையும் பதின்மத்தில் எழுதுக.

8. லினக்ஸில் `chmod 640` என்ற கட்டளையில் இருப்பது எண்ணிலை எண். ஒவ்வோர் இலக்கத்தின் மூன்று பிட்டும் படிக்க, எழுத, இயக்க என்ற மூன்று அனுமதிகளைக் குறிக்கும். முதல் இலக்கம் கோப்பின் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்றவர்களுக்கு. யாருக்கு என்ன அனுமதி?

9. தவறு எங்கே என்று ஒரு வரியில் எழுதித் திருத்துக:
(அ) (56)₁₀ = (000111)₂
(ஆ) (1100101)₂ = (621)₈
(இ) (389)₈ = 3 × 64 + 8 × 8 + 9 = 265

விடைகள்

முழுதாகச் செய்து முடித்த பிறகு பாருங்கள். விடை ஒத்துப்போகாவிட்டால் அழிக்காதீர்கள், எந்த வரியில் பிரிந்தது என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள். எனக்கு அந்த வட்டம்தான் முக்கியம்.

1. 26: 11010, 32, 1A. 100: 1100100, 144, 64. 205: 11001101, 315, CD. 1947: 11110011011, 3633, 79B.

2. 53, 279, 756, 11.375.

3. 156, 6E; C6; 5007. கடைசியில் A07 = 1010 0000 0111. நடுவில் உள்ள நான்கு சுழியங்களை விட்டவர்களுக்கு 247 வந்திருக்கும்.

4. 0.1101. அரையும் காலும் வீசமும், அதாவது முக்காலே வீசம்.

5. (607)₈. படி ஒன்றும் இல்லாததால் நடுவில் 0. மொத்தம் 391 ஆழாக்கு.

6. 11 × 256 + 9 × 16 + 5 = 2965. 80 முதல் FF வரை, இரண்டு முனையும் சேர்த்து, 128 இடங்கள். 127 என்று எழுதியவர்கள் 0B80ஐ எண்ணாமல் விட்டிருக்கிறார்கள்.

7. சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0.

8. 110 100 000. உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை.

9. (அ) மீதியை மேலிருந்து படித்தது, சரியானது 111000. (ஆ) இடமிருந்து பிரித்தது. 001 100 101, அதாவது 145. (இ) பெருக்கலும் கூட்டலும் சரிதான், ஆனால் எண்ணிலையில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. அப்படி ஓர் எண் இல்லை.